மூன்று மணி நேரத் தேர்வு: கால அளவு, மொத்த மதிப்பெண், வினா எண்ணிக்கை ஆகியவற்றின் இயைபு

ஆய்வுச் சுருக்கம்

எழுத்துத் தேர்வுகளுள் பெரும்பாலானவை மூன்று மணி நேரம் நடைபெறுகின்றன. மொத்த மதிப்பெண் 200 ஆயினும் 100 ஆயினும் 75 ஆயினும் இக்கால அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. இவ்வழக்கம் எவ்வாறு நிலைபெற்றது என்பதையும், மூன்று மணி நேரத்திற்குள் வினாக்களின் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் எவ்வாறு பொருந்துகின்றன, எங்கே பொருந்தாமல் போகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிதத் தேர்வும், 75 மதிப்பெண்ணுக்குரிய தமிழ் இலக்கியத் தேர்வும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: எழுத்துத் தேர்வு, தேர்வு நேரம், வினாத்தாள் அமைப்பு, நம்பகத்தன்மை, நெடுவினா, எழுதும் வேகம்

முன்னுரை

வினாத்தாளின் தலைப்பில் இரண்டு செய்திகள் எதிரெதிரே அச்சிடப்பட்டிருக்கும். ஒருபுறம் ‘நேரம்: 3 மணி’, மறுபுறம் ‘மொத்த மதிப்பெண்கள்: 75’. பாடத்திட்டக் குழுவில் பின்னதைப் பற்றி நெடிய விவாதம் நடைபெறும். அகமதிப்பீட்டிற்கு எத்தனை, புறமதிப்பீட்டிற்கு எத்தனை என்பது தீர்மானமாக எழுதப்படும். முன்னதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மதிப்பெண் நூறிலிருந்து எழுபத்தைந்தாகக் குறையும்போது மாணவர் செய்ய வேண்டிய வேலையும் நான்கில் ஒரு பங்கு குறைந்ததா என்று யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அவ்வாறு பாராமல் விடுவதனால் மதிப்பெண் இழப்பவர் பாடம் அறியாதவர் அல்லர். கை மெதுவாக ஓடுபவர். இக்கட்டுரையின் அக்கறை அவரைப் பற்றியது.

மூன்று மணி நேரம் வந்த வழி

எழுத்துத் தேர்வு இயல்பாகவே மூன்று மணி நேரத்திற்குரியது என்று கருத இடமில்லை. சீனப் பேரரசின் மாகாணத் தேர்வுகளில் தேர்வர்கள் சிற்றறைகளில் தங்கி, ஒவ்வோர் அமர்விலும் நாள்கணக்கில் எழுதினர். நமக்கு வந்து சேர்ந்த வழக்கம் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. 1836இல் நிறுவப்பட்ட லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாமல் தேர்வு மட்டுமே நடத்திப் பட்டமளிக்கும் அமைப்பாகத் தொடங்கியது. அதன் தேர்வு அட்டவணையில் ஒரு நாள் இரு அமர்வுகளாகப் பிரிக்கப்பட்டது: காலை 10 முதல் 1 வரை, பிற்பகல் 3 முதல் 6 வரை. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டனை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டபோது தேர்வை மையமாகக் கொண்ட அந்த ஏற்பாடும் உடன் வந்தது. முற்பகல், பிற்பகல் என்று இன்றும் நம் தேர்வுக் கால அட்டவணைகளில் காணப்படும் பிரிவு அதன் தொடர்ச்சியே.

ஆகவே மூன்று மணி என்பது முதலில் கல்வியியல் அளவு அன்று. அரை நாளின் அளவு. பகல் வெளிச்சத்தில், உணவு இடைவேளை விட்டு, ஒரு நாளில் இரண்டு தாள்களை முடிக்க வேண்டுமெனில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ மூன்று மணி நேரம். இருக்கை எண் ஒட்டுதல், வினாத்தாள் கட்டுகளைப் பிரித்தல், விடைத்தாள்களை எண்ணிச் சரிபார்த்து உறையிலிடுதல் ஆகிய பணிகள் தேர்வு ஒரு மணி நேரமாயினும் மூன்று மணி நேரமாயினும் ஒரே அளவினவே. அவற்றை ஒருமுறை செய்துவிட்டு அந்த அமர்வை முழுமையாகப் பயன்படுத்திக் கொள்வதே நிர்வாகத்திற்குச் சிக்கனம்.

ஏழரை நாழிகை கொண்ட சாமமும் மூன்று மணி நேரமே என்பதைத் தமிழாய்வாளர் எவரும் உடனே நினைவுகூர்வர். இஃது இனிய பொருத்தமே அன்றி வேறில்லை. சாமத்திலிருந்து தேர்வு நேரம் பிறந்தது என்று நிறுவ முற்படுவது வீண் முயற்சி.

மூன்று மணி நேரம் நிலைத்த காரணம்

வசதிக்காக வந்த அளவு, வேறொரு காரணத்தால் நிலைத்தது. ஒரு தேர்வு ஒருவருக்கு அளிக்கும் மதிப்பெண், அதே தரத்தில் அமைந்த மற்றொரு வினாத்தாளிலும் ஏறத்தாழ அவ்வாறே கிடைக்குமா என்பதே நம்பகத்தன்மை பற்றிய வினா. 0 முதல் 1 வரையிலான எண்ணால் இதனைக் குறிப்பர். தேர்வை நீட்டினால் நம்பகத்தன்மை எவ்வளவு உயரும் என்பதற்கு 1910இல் ஸ்பியர்மன், பிரௌன் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர்:

R = kr / (1 + (k − 1)r)

இதில் r என்பது இப்போதுள்ள தேர்வின் நம்பகத்தன்மை. k என்பது தேர்வு எத்தனை மடங்காக நீட்டப்படுகிறது என்பது. R என்பது நீட்டிய பின் கிடைக்கும் நம்பகத்தன்மை. ஒரு மணி நேரத் தேர்வின் நம்பகத்தன்மை 0.60 என்று கொள்வோம். இரண்டு மணி நேரமாக்கினால் அது 0.75 ஆகும். மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 0.82, நான்கு மணி நேரத்தில் 0.86. இரண்டாம் மணி நேரம் 0.15 அளவுக்கு உயர்த்தியது; மூன்றாவது 0.07, நான்காவது 0.04 மட்டுமே. அந்த நான்காம் மணி நேரத்தின் பயனும் காகிதத்தில் மட்டுமே உள்ளது. ஏனெனில், தேர்வர் களைப்படையாமல் முதல் மணி நேரத்தைப் போலவே எழுதுவார் என்பது இவ்வாய்பாட்டின் எடுகோள். மூன்று மணி நேரம் இடைவிடாது எழுதிய விரல்களைப் பார்த்த எவரும் அதனை ஏற்கமாட்டார். மேலும் நம்பகத்தன்மை வேண்டுமெனில் மற்றொரு நாளில் மற்றொரு தாள் வைப்பதே வழி. ஒரே பாடத்திற்கு முதல் தாள், இரண்டாம் தாள் என்று வைத்த பழைய வழக்கத்தின் நியாயமும் இதுவே. ஆறு மணி நேரத்தில் மேற்கண்ட கணக்கு 0.90ஐ எட்டுகிறது.

ஆயினும் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்பகத்தன்மையை உயர்த்துவது கடிகாரம் அன்று. ஒன்றையொன்று சாராத வினாக்களின் எண்ணிக்கை. மூன்று மணி நேரத்தில் மூன்றே கட்டுரைகள் எழுதச் சொல்லும் தாள், படித்த பகுதியே வினாவாக வந்துவிட்ட மாணவருக்கும் வராத மாணவருக்கும் இடையே பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். மதிப்பிடுபவரின் பிழையும் அதனுடன் சேரும். இவ்வகைப் பிழையை நிகழ்தகவுக் கணக்கால் ஆராயலாம் என்று எட்ஜ்வொர்த் 1888இலேயே எழுதினார். 1935இல் ஹார்ட்டாக், ரோட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை மதிப்பிட்டனர். 210 மதிப்பீடுகளில் 92இல், அதே தேர்வாளர் அதே விடைத்தாளுக்கு முன்பு அளித்த தகுதி நிலையை மாற்றினார். கட்டுரை விடை ஒன்றின் மதிப்பெண் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வினாக்கள் பலவாகும்போது ஒன்றில் கூடுவதும் மற்றொன்றில் குறைவதும் ஓரளவு ஈடாகிவிடும்.

அவ்வாறெனில் நூறு சிறு வினாக்களாகவே கேட்டுவிடலாமே எனலாம். கேட்டால் நம்பகத்தன்மை உயரும். ஆனால் அளக்கப்படும் பொருள் மாறிவிடும். சிலப்பதிகாரத்தின் காண்டங்கள் எத்தனை என்பதை அறிந்திருத்தல் வேறு. வழக்குரை காதையின் நாடகத்தன்மையை நிறுவுதல் வேறு. பின்னதற்கு முப்பது நிமிடம் தேவை. அதனை முப்பது ஒருவரி வினாக்களால் ஈடுசெய்ய இயலாது. ஆகவேதான் நம் வினாத்தாள்கள் குறுவினா, சிறுவினா, நெடுவினா என்று மூன்றடுக்காக அமைகின்றன. குறுவினாக்கள் பாடப்பரப்பை மூடுகின்றன. நெடுவினாக்கள் ஆழத்தைக் காட்டுகின்றன. மூன்று மணி நேரம் இவ்விரண்டுக்கும் இடமளிக்கும் மிகச் சிறிய அளவு என்று சொல்வது மிகையாகாது.

மதிப்பெண் குறைந்தது, வேலை குறைந்ததா?

தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாமாண்டுக் கணிதத் தேர்வு முன்பு 200 மதிப்பெண்ணுக்கு நடைபெற்றது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 40, ஆறு மதிப்பெண் வினாக்கள் 10, பத்து மதிப்பெண் வினாக்கள் 10 என 60 வினாக்களுக்கு மூன்று மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு பாடத்திற்கும் மொத்தம் 100 மதிப்பெண் என மாற்றப்பட்டது. கணிதத்தில் அகமதிப்பீட்டிற்கு 10 போக எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணாயிற்று: ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7, ஆக 41 வினாக்கள். அம்மாற்றத்துடன் தேர்வு நேரமும் இரண்டரை மணியாகக் குறைக்கப்பட்டது.

மதிப்பெண்ணை மட்டும் நோக்கினால் இஃது அளவுகடந்த தாராளம். முன்பு ஒரு மதிப்பெண்ணுக்கு 0.9 நிமிடம், இப்போது 1.67 நிமிடம். ஆனால் மாணவர் மதிப்பெண்ணை எழுதுவதில்லை, விடையை எழுதுகிறார். முன்பு பத்து மதிப்பெண் பெற்ற வகையான கணக்கே இப்போது ஐந்து மதிப்பெண் பெறுகிறது. பழைய தாளில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஒரு நிமிடம், ஆறு மதிப்பெண் வினாவுக்கு ஐந்து நிமிடம், பத்து மதிப்பெண் வினாவுக்கு ஒன்பது நிமிடம் எனப் பகிர்ந்தால் 40, 50, 90 எனக் கூடி மிகச் சரியாக 180 நிமிடம் ஆகும். அதே கணக்கைப் புதிய தாளுக்குப் பொருத்துவோம். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 20 நிமிடம். இரண்டு மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடமாக 28. மூன்று மதிப்பெண்ணுக்கு ஐந்து நிமிடமாக 35. பழைய பத்து மதிப்பெண்ணுக்கு இணையான ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு ஒன்பது நிமிடமாக 63. மொத்தம் 146. இரண்டரை மணியில் எஞ்சுவது நான்கே நிமிடம். மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியபோது வேலை ஐந்தில் ஒரு பங்கு அளவே குறைந்திருந்தது.

அந்த நான்கு நிமிடமும் பாடம் மாறாதிருந்தால் மட்டுமே கிடைக்கும். புதிய பாடத்திட்டத்தில் சிந்தித்து விடை காண வேண்டிய வினாக்கள் மிகுந்தன. பார்த்தவுடன் தெரியாத ஒரு மதிப்பெண் வினா, ஒரு நிமிடத்தில் முடிவதில்லை. 2019இல் தேர்வு நேரம் மீண்டும் மூன்று மணியாக உயர்த்தப்பட்டது. வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடமும், விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் இதனின்றும் தனியே வழங்கப்பட்டன. மேற்கண்ட கணக்கின்படி கூடுதலாகக் கிடைத்த முப்பது நிமிடமும் எழுதுவதற்கு அன்று, சிந்திப்பதற்கு. மொத்த மதிப்பெண்ணோடு தேர்வு நேரமும் குறைய வேண்டும் என்னும் எண்ணம் எங்குப் பிழைக்கிறது என்பதை இம்மாற்றம் காட்டிவிட்டது.

75 மதிப்பெண் தமிழ்த் தாள்: ஒரு கணக்கு

கணிதத்தைவிடத் தமிழ் இலக்கியத் தாளில் கையின் பங்கு மிகுதி. பல பல்கலைக்கழகங்களில் வழங்கும் 75 மதிப்பெண் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அ பகுதியில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஆ பகுதியில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் 5, இ பகுதியில் பத்து மதிப்பெண் வினாக்கள் 3. மொத்தம் 18 வினாக்கள், மூன்று மணி நேரம். சராசரியாக ஒரு மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம்.

இரண்டு மதிப்பெண் விடை கால் பக்கம், ஐந்து மதிப்பெண் விடை ஒன்றேகால் பக்கம், பத்து மதிப்பெண் விடை மூன்று பக்கம் என்று எதிர்பார்க்கிறோம் எனக் கொள்வோம். மொத்தம் ஏறத்தாழ 18 பக்கம். ஒரு பக்கம் எழுத எட்டு நிமிடமும், சிந்திக்க வினாவுக்கு முறையே ஒன்று, இரண்டு, நான்கு நிமிடமும் ஆகுமெனில், அ பகுதிக்கு 30, ஆ பகுதிக்கு 60, இ பகுதிக்கு 84, ஆக 174 நிமிடம். வினாத்தாளைப் படிக்கவும், கூடுதல் தாள் வாங்கி நூல் கட்டவும் எஞ்சுவது ஆறு நிமிடம். தாள் முடிகிறது, ஆனால் மூச்சு விட இடமில்லை.

இப்போது வேறொரு மாணவர். அறிவில் முன்னவருக்கு இணையானவர். சிந்திக்கும் நேரமும் அதுவே. ஆனால் பக்கத்திற்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார். அ பகுதிக்கு 35, ஆ பகுதிக்கு 72.5, இ பகுதிக்கு 102, மொத்தம் 209.5 நிமிடம். கிடைக்கும் நேரத்தைவிட ஏறத்தாழ அரை மணி மிகை. அஃது ஒரு நெடுவினாவின் நேரம். பக்கத்திற்கு இரண்டு நிமிட வேறுபாடு பத்து மதிப்பெண்ணை, அதாவது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல், எடுத்துச் சென்றுவிடுகிறது. அவ்விழப்பு மதிப்பெண் பட்டியலில் ‘இலக்கியத் திறனாய்வு’ என்னும் தாளின் பெயருக்கு எதிரேதான் பதிவாகிறது; எழுதும் வேகம் என்ற பெயரில் அன்று.

இக்கணக்கு மற்றொன்றையும் காட்டுகிறது. முதல் மாணவருக்கு அ பகுதியில் ஒரு மதிப்பெண் ஈட்ட 1.5 நிமிடமும், ஆ பகுதியில் 2.4 நிமிடமும், இ பகுதியில் 2.8 நிமிடமும் ஆகின்றன. நேரம் போதாதபோது எதைக் கைவிடுவது என்பதை இவ்வெண்களே தீர்மானிக்கின்றன. மாணவர் நெடுவினாவைச் சுருக்குவார் அல்லது விடுவார். ஆழத்தைக் காட்டுவதற்கென்று வைத்த பகுதியே முதலில் பலியாகிறது. ‘மாணவர்கள் கட்டுரை எழுதத் தெரியாதவர்களாகிவிட்டனர்’ என்று திருத்தும் பணியிடத்தில் கேட்கும் குறையில் ஒரு பகுதியேனும் வினாத்தாள் அமைப்பின் விளைவு என்பது என் கருத்து.

நேரம் போதவில்லை என்பதை எவ்வாறு அறிவது?

கொள்குறி வினாத் தேர்வுகளுக்கு நெடுங்காலமாக ஓர் அளவுகோல் உண்டு. ஏறத்தாழ எல்லாத் தேர்வர்களும் வினாக்களில் முக்கால் பங்கை எட்டியிருக்க வேண்டும். ஐவரில் நால்வரேனும் கடைசி வினாவை எட்டியிருக்க வேண்டும். இல்லையெனில் அத்தேர்வு வேகத்தையும் சேர்த்தே அளக்கிறது. விரித்தெழுதும் தேர்வில் இவ்வளவுகோலை அப்படியே பயன்படுத்த இயலாது. எந்த வரிசையிலும் விடையளிக்கலாம் என்பதால் கடைசி வினா என்பது வினாத்தாளில் இல்லை. விடைத்தாளின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

அங்கேதான் பார்க்க வேண்டும். மாணவர் இறுதியாக எழுதிய விடை, அவரே முதலில் எழுதிய அதே மதிப்பெண் விடையில் எத்தனை பங்கு நீளமுடையது? முதல் நெடுவினா நான்கு பக்கமாகவும் கடைசி நெடுவினா ஒன்றரைப் பக்கமாகவும், தலைப்புகள் மட்டுமாகவும், பாதியில் முறிந்த தொடராகவும் இருப்பின் அறியாமையால் நின்றதன்று என்று கொள்ளலாம். அறியாதவர் பெரும்பாலும் பொதுச்செய்திகளால் பக்கத்தை நிரப்புவார். நேரமற்றவர் சரியான செய்தியைக் குறிப்பாக விட்டுச் செல்வார். ஒரு கட்டு விடைத்தாளில் இவ்வகை முறிவு ஒன்றிரண்டு இருந்தால் அது மாணவரின் நேரப் பகிர்வுக் குறை. ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் குறை வினாத்தாளினுடையது.

வினாத்தாள் அமைப்பவருக்கு எளிய முன்சோதனை ஒன்று உண்டு. தாம் அமைத்த வினாக்களுக்குத் தாமே கையால் முழு விடை எழுதிப் பார்ப்பது. பாடத்தில் தேர்ந்த ஆசிரியர் தமக்கான தாளை ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிக்க இயலவில்லையெனில் மாணவர் மூன்று மணியில் முடிப்பார் என எதிர்பார்த்தல் அரிது. விடைக்குறிப்பைத் தட்டச்சில் அளிக்கும் இக்காலத்தில் இச்சோதனை அருகிவிட்டது. தட்டச்சில் இரண்டு வரியாகத் தோன்றும் விடைக்குறிப்பு, மாணவர் கையில் இரண்டு பக்கமாக விரியும்.

மாற்றியமைத்தால்

நேரத்தை நீட்டுவது முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் ஒரு நாளில் இரு அமர்வுகள் நடைபெறும் மையங்களில் அதற்கு இடம் குறைவு. மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கு மணிக்கு இருபது நிமிடத்திற்குக் குறையாமல் ஈட்டு நேரம் வழங்க வேண்டும் என்பது நடுவணரசின் வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வு அவர்களுக்கு இப்போதே நான்கு மணி நேரம். மூன்றரை மணியாக்கினால் அது நான்கு மணி நாற்பது நிமிடமாகி, முற்பகலில் தொடங்கியது பிற்பகல் அமர்வைத் தொட்டுவிடும்.

மற்றொரு வழி, நேரத்தையும் மொத்தத்தையும் தொடாமல் வினா எண்ணிக்கையை மாற்றுவது. அ, ஆ பகுதிகளை அவ்வாறே வைத்து, இ பகுதியில் பத்து மதிப்பெண் வினாக்கள் மூன்றுக்குப் பதிலாகப் பதினைந்து மதிப்பெண் வினாக்கள் இரண்டு கேட்கலாம். மொத்தம் அதே 75. நெடுவிடை அதே மூன்று பக்கம் எனில் முதல் மாணவருக்கு 146 நிமிடம் ஆகும். பக்கத்திற்குப் பத்து நிமிடம் எடுப்பவருக்கு 175.5 நிமிடம், அவரும் தாளை முடித்துவிடுவார். நெடுவினாவில் ஒரு மதிப்பெண் ஈட்ட முதல் மாணவருக்கு இரண்டு நிமிடத்திற்குக் குறைவாகவே ஆகும் என்பதால் அதனைக் கைவிடும் தூண்டுதலும் குறையும்.

இதற்கு விலையும் உண்டு. நெடுவினாக்கள் மூன்றிலிருந்து இரண்டாகும்போது பாடப்பரப்பில் தொடும் இடங்கள் குறைகின்றன. மதிப்பிடுபவரின் பிழையும் இரண்டு விடைகளுக்குள் குவிகிறது. ஐந்து அலகுகளிலிருந்தும் அ பகுதியில் இரண்டிரண்டு வினாக்களும் ஆ பகுதியில் ஒவ்வொரு வினாவும் கட்டாயம் இடம்பெறும் அமைப்பில் முதற்குறை பெரிதும் ஈடாகிவிடும். இரண்டாவது ஈடாவதில்லை, இரட்டை மதிப்பீடு நடைமுறையில் உள்ள இடங்களில் மட்டுமே அது தணியும். மதிப்பெண் பதினைந்தானவுடன் திருத்துவோரும் மாணவரும் நான்கரைப் பக்கம் எதிர்பார்க்கத் தொடங்கினால் மெதுவாக எழுதுபவருக்கு மீண்டும் 205.5 நிமிடம் தேவைப்படும். பெற்ற பயன் அத்தனையும் கரைந்துவிடும். அதனால் இம்மாற்றத்தைச் செய்யும் பாடத்திட்டக் குழு, ‘மூன்று பக்க அளவில் விடை தருக’ என்னும் தொடரை வினாத்தாளிலும் மதிப்பீட்டு நெறிமுறையிலும் ஒருசேர அச்சிட வேண்டியிருக்கும்.